மூன்றாம் பிறை ஏன் சத்மா ஆனது? படப் பெயர் மொழி மாறும்போது எது போகிறது?

கேத்தி மேட்டுக்காரன் | 2025 ஏப்ரல் 19

கேத்தியில் நாலு அறை வைத்து விருந்தினர் விடுதி நடத்துகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் "மூன்றாம் பிறை ஸ்டேஷன் எங்கே இருக்கு" என்று கேட்பார்கள். வடக்கிலிருந்து வருகிறவர்கள் "சத்மா ஸ்டேஷன்" என்பார்கள். போன மாதம் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பெரியவர் "வசந்த கோகிலா" என்றார். அரவங்காட்டுக்கும் லவ்டேலுக்கும் நடுவில் மலை ரயில் நிற்கிற, அந்தப் படத்தின் கடைசிக் காட்சி எடுத்த ஒரே சின்ன ஸ்டேஷனுக்கு மூன்று பெயர்.

எனக்குள்ள சந்தேகம் இதுதான். 1982இல் தமிழில் வந்த படம். அடுத்த வருஷமே இந்தியில் அதே பாலு மகேந்திரா, அதே கமல், அதே ஸ்ரீதேவி, அதே நீலகிரி. கதையும் அதேதான். பெயரை மட்டும் ஏன் மாற்ற வேண்டும்? மாற்றியதில் எதுவுமே போகவில்லையா? போயிருக்கிறது, நிறையவே போயிருக்கிறது என்பது என் கட்சி. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

ஊட்டி சீசன் | ஏப்ரல் 19

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, எல்லாம் வரிதான். தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது, அதனால் பெயர் மாறும். ஜில்லுனு ஒரு காதல் சில்லுனு ஒரு காதல் ஆனது. ரோபோ எந்திரன் ஆனது, தெலுங்கில் அதே படம் ரோபோதான், இந்தியில் ரோபாட். மாஸ் என்ற படம் கடைசி நேரத்தில் மாசு என்கிற மாசிலாமணி ஆனது. பணத்தைத் தொடர்ந்து போனால் காரணம் கிடைத்துவிடும்.

கூடலூர் ஆள் | ஏப்ரல் 20

நல்ல இழை. எனக்கும் இதே பிரச்சினை. அம்மாவுக்காக டிவியில் பழைய படம் தேடுகிறேன், குரல் தேடலில் தமிழ்ப் பெயரைச் சொன்னால் இந்திப் படம் வருகிறது, இந்திப் பெயரைச் சொன்னால் யாரோ பாடிய பாட்டு வருகிறது. கூடலூரில் நெட் வேறு மழைக்கு முன்னாலேயே போய்விடும். தமிழ் ஒலியோடு எந்த ஆப்பில் இருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள். அம்மா மலையாளத்தில்தான் பேசுவார், ஆனால் இந்தப் படத்தைத் தமிழில்தான் பார்ப்பேன் என்று பிடிவாதம்.

ஒலிக்கூடம் | ஏப்ரல் 20

சென்னையில் பல வருஷம் டப்பிங் வசனம் எழுதினேன், தமிழிலிருந்து தெலுங்குக்கும் தெலுங்கிலிருந்து தமிழுக்கும். இப்போது குன்னூரில் ஓய்வு. ஊட்டி சீசன் சொன்னதில் பாதி சரி. தமிழில் பெயர் வைத்த படத்துக்கு வரி விலக்கு என்று அரசு அறிவித்தது 2006இல். அதற்கு இருபத்து மூன்று வருஷம் முன்னால் வந்த சத்மாவை அது எப்படித் தொடும்? தவிர அந்தச் சலுகை தமிழ்நாட்டில் ஓடும் தமிழ்ப் படத்துக்கு. ஒரு தமிழ்ப் படம் விஜயவாடாவில் என்ன பெயரில் ஓடுகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு அந்தச் சலுகைக்குப் பழைய மதிப்பும் போய்விட்டது. அதற்குப் பிறகு மாஸ்டர், பீஸ்ட், ஜெயிலர் என்று ஆங்கிலப் பெயர்கள் வரிசையாக வந்ததைப் பார்த்திருப்பீர்கள்.

வரி செய்த சேதத்துக்கு எனக்குப் பிடித்த உதாரணம் வேறு. அதே 2006இல் 'எம்டன் மகன்' என்று ஒரு படம் தயாரானது. 1914 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் எம்டன். அதிலிருந்து "அவன் பெரிய எம்டன்பா" என்று ஒரு பேச்சு உண்டாகி, கப்பலை யாரென்றே தெரியாத பாட்டிமார் வாயில்கூடப் புழங்கியது. படத்தில் அப்பாதான் எம்டன், அவரிடம் நடுங்கும் பிள்ளையின் கதை. எம்டன் தமிழ் இல்லை என்ற கவலையில் படம் 'எம் மகன்' என்று வெளியானது. போனது இரண்டே எழுத்து போல்தான் தெரியும், ஆனால் அப்பா தலைப்பிலிருந்தே காணாமல் போய்விட்டார். மிஞ்சியது பாசமான ஒரு குடும்பப் படத்தின் பெயர். மொழி மாறவே இல்லை, தமிழிலிருந்து தமிழுக்குத்தான் போனது, அதற்கே இந்த இழப்பு.

கோத்தகிரி டீச்சர் | ஏப்ரல் 21

மூன்றாம் பிறைக்கு வருகிறேன். நான் தமிழாசிரியை, ஓய்வு பெற்றுவிட்டேன்.

அமாவாசைக்குப் பிறகு முதலில் கண்ணுக்குத் தெரிவது இந்தப் பிறைதான். மேற்கே, கீழ்வானத்தில், நூல் மாதிரி இருக்கும். சூரியன் இறங்கி ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் அதுவும் இறங்கிவிடும். சமவெளியிலேயே அவ்வளவுதான். நம் ஊர்களில் மேற்கே ஒரு மேடோ சோலையோ இருந்தால் இன்னும் சீக்கிரம் மறைந்துவிடும், பனி வேறு வந்தால் அன்றைக்குப் பிறை கிடையாது. அதனால்தான் அதைப் பார்ப்பது பாக்கியம் என்று ஆனது. பார்த்தால் கும்பிடுவார்கள். நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்று அதற்கு அடுத்த நாளைப் பற்றி ஒரு பழமொழியும் வைத்திருக்கிறோம்.

இப்போது படத்தை நினைத்துப் பாருங்கள். விபத்தில் நினைவு போய்க் குழந்தையாகிவிட்ட ஒரு பெண். கொஞ்ச நாள் அவனுடைய வீட்டில் வெளிச்சமாக இருக்கிறாள். நினைவு திரும்பியதும் அவனை அடியோடு மறந்து ரயிலேறிப் போகிறாள். அந்தக் கொஞ்ச நாள்தான் பிறை. படத்தில் யாரும் இதை விளக்க மாட்டார்கள். பெயர் மட்டும் விளக்கும், அதுவும் முழுப் படத்தையும் பார்த்து முடித்தவருக்கு. கூடவே பழமொழி தெரிந்தவருக்கு இன்னொன்றும் கேட்கும்: மூன்று முடிந்ததும் நாலு வரும். அவன் படும் பாடு நாலாம் பிறை.

சத்மா என்றால் அதிர்ச்சி, மனத்தில் விழும் அடி. இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று கும்பிடச் சொல்கிறது, மற்றது பயப்படச் சொல்கிறது.

கேத்தி மேட்டுக்காரன் | ஏப்ரல் 21

டீச்சர், இதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியாமல் இருந்தது. நாலாம் பிறை வரை நான் யோசித்ததே இல்லை.

என் விடுதிக்கு வருகிறவர்களிடம் ஒரு வித்தியாசம் கவனித்திருக்கிறேன். தமிழ் ஆட்கள் பேச ஆரம்பித்தால் நாய்க்குட்டி சுப்பிரமணி, கண்ணே கலைமானே, அவளைச் சிரிக்க வைக்க அவன் ஆடும் குரங்காட்டம் என்று நடுப்படத்தைப் பேசுவார்கள். இந்திக்காரர்கள் நேராகக் கடைசிக் காட்சிக்குப் போவார்கள், அவன் தலையில் பானையோடு நடைமேடையில் ஆடும் இடத்துக்கு. பெயரே அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது என்று நினைக்கிறேன்.

கூடலூர் ஆளுக்கு: அது வேறு விஷயம் நண்பரே, ஆனால் தேடும்போது பெயரோடு 1982 என்று வருஷத்தையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.

ஊட்டி சீசன் | ஏப்ரல் 22

வரி பற்றிச் சொன்னது சரி, 1983க்குப் பொருந்தாது. ஆனால் சத்மாதான் நல்ல பெயர் என்பேன். அந்தக் கதை யாருடையது? கடைசியில் தனியாக நிற்பவனுடையது. அவனுக்கு விழுந்த அடியைப் பெயராக வைத்தது நேர்மை. மூன்றாம் பிறை அழகான பெயர், ஆனால் சுவரொட்டியில் பார்த்தால் பக்திப் படமா பேய்ப் படமா என்றே தெரியாது. தவிர, இந்திக்காரனுக்குப் பிறை பார்க்கிற வழக்கமே இல்லை என்றால் என்ன செய்ய முடியும்?

கோத்தகிரி டீச்சர் | ஏப்ரல் 22

வழக்கம் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ரமலான் முடியும்போது வட இந்தியா முழுக்க வீட்டு மொட்டை மாடியில் ஏறி நிற்பது பிறை பார்க்கத்தானே. எங்கேயோ போய்விட்டு ரொம்ப நாள் கழித்து வருகிறவனைப் பார்த்து, ஈத் கா சாந்த் ஆகிவிட்டாயே, அதாவது பெருநாள் பிறை போல் அபூர்வமாகத் தெரிகிறாயே என்று இந்தியிலும் உருதுவிலும் கேட்பார்கள். என்னோடு வெலிங்டனில் வேலை பார்த்த லக்னோ ஆசிரியை எப்போதும் இதைச் சொல்வார். பதினான்காம் நாள் நிலவை, அதாவது முழு நிலவை, ஓர் அழகியின் முகத்துக்குச் சொல்லி 1960இல் ஒரு படமே வந்தது. நிலவுக்கு அந்த மொழியில் பஞ்சம் இல்லை.

ஒலிக்கூடம் | ஏப்ரல் 23

டீச்சர், ஒரு சின்ன மறுப்பு. பெருநாள் பிறையைத் தலைப்பில் வைத்தால் பார்க்கிறவன் மனத்தில் வருவது சேமியா, புதுத்துணி, கொண்டாட்டம். கிடைத்ததன் சந்தோஷம் வரும், போனதன் துக்கம் வராது. பெயர் ஒத்துப்போனாலும் அது கிளப்பும் நினைவு ஒத்துப்போக வேண்டுமே. எங்கள் தொழிலில் இதுதான் தினசரித் தலைவலி.

பெயர் மாறுவது எப்படி என்று கேட்டதால் டப்பிங் படத்தில் நடப்பதைச் சொல்கிறேன். இங்கே படம் முடிகிற நேரத்தில் தெலுங்கு உரிமையை ஒருவர் வாங்குவார். பெயர் வைப்பது பெரும்பாலும் அவர் பொறுப்பு, இயக்குநர் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பது ஆளைப் பொறுத்தது. மனத்தில் நாலைந்து பெயரோடு போய், ஃபிலிம் சேம்பரில் பதிவு காலியாக இருக்கிறதா என்று பார்ப்பார். நல்ல பெயரை எல்லாம் யாராவது முன்பே பதிந்து வைத்திருப்பார்கள், படம் எடுக்காமலேயே. அடுத்தது, சுவரொட்டியில் ஓடுகிற பஸ்ஸிலிருந்து படிக்க முடிகிற நீளமா என்பது. அப்புறம் எங்கள் கவலை ஒன்று உண்டு: படத்துக்குள் யாராவது தலைப்பை வாயால் சொல்கிறார்களா? குளோசப்பில் சொன்னால் உதடு மூடுகிற இடத்தில் மூடியாக வேண்டும். மூலத்தில் ப, ம வந்த இடத்தில் எங்கள் மொழியிலும் ப, ம வரவேண்டும், இல்லையென்றால் திரையில் பொய் தெரியும். டப்பிங் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழும் தனி, அதில் ஏறிய பெயரைப் பிறகு மாற்றுவது இன்னொரு அலைச்சல். இத்தனையும் முடிந்து மிஞ்சும் பெயர்தான் நீங்கள் பார்ப்பது. அர்த்தம் அந்த வரிசையில் கடைசி, சில சமயம் வரிசையிலேயே இருக்காது.

சத்மா டப்பிங் இல்லை, திரும்ப எடுத்த படம். அங்கே இந்த உதட்டுக் கணக்கு கிடையாது. வசந்த கோகிலா டப்பிங்.

கொடை வட்டக்கானல் | ஏப்ரல் 23

கொடைக்கானலிலிருந்து ஒரு வரி. 'குணா' படத்துக்கு முதலில் யோசித்த பெயர் 'மதிகெட்டான் சோலை'. பேரிஜம் பக்கம் உள்ள நிஜமான காட்டின் பெயர் அது, உள்ளே போனால் திசை தெரியாமல் புத்தி கலங்கிவிடும் என்பதால் வந்தது. அப்படி ஒரு பெயரை வைத்து எடுக்கப்படுகிற படத்தில் நாயகனும் மனம் கலங்கியவன். அந்தப் பெயரோடு வந்திருந்தால் எங்கள் காட்டை நாடு முழுக்க உச்சரித்திருக்கும். குணா எடுத்த அதே கொடைக்கானல் குகைக்கு 2024இல் மஞ்ஞும்மல் பாய்ஸ் என்ற மலையாளப் படம் வந்தது, கொச்சி பக்கத்து ஊர்ப் பெயர், இங்கே யாருக்கும் அர்த்தம் தெரியாது, ஆனால் ஓர் எழுத்தும் மாறாமல் தமிழ்நாடு முழுக்க ஓடியது. அப்படியென்றால் பெயர் புரியவே வேண்டாமோ?

கேத்தி மேட்டுக்காரன் | ஏப்ரல் 24

ஊர்ப் பெயருக்கும் ஆள் பெயருக்கும் அர்த்தம் கேட்க மாட்டோம், அது முகவரி. மூன்றாம் பிறை முகவரி இல்லை. அது ஏற்கெனவே நமக்குள் இருக்கும் ஒன்றைத் தொடுகிறது. இந்த இரண்டு வகையையும் பிரித்தால்தான் பேச முடியும் என்று தோன்றுகிறது. முதல் வகை எந்த மொழிக்குப் போனாலும் சேதம் இல்லை. இரண்டாவது வகைதான் எல்லையில் மாட்டிக்கொள்கிறது.

ஒலிக்கூடம் | ஏப்ரல் 26

மேட்டுக்காரர் பிரித்தது சரி, தெலுங்கில் நடந்ததைப் பார்த்தால் அப்படியே பொருந்தும். தமிழ்ப் பெயர் எங்கே கவிதையிலிருந்தோ பாசுரத்திலிருந்தோ எடுத்ததாக இருக்கிறதோ, அங்கே தெலுங்கில் ஆள் பெயர் வந்து உட்காரும். வாரணம் ஆயிரம், தெலுங்கில் 'சூர்யா சன் ஆஃப் கிருஷ்ணன்'. கன்னத்தில் முத்தமிட்டால், 'அம்ருதா'. வேட்டையாடு விளையாடு, 'ராகவன்'. இரண்டாவது வகைப் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு முதல் வகையை வைக்கிறோம். அதில் ஆபத்து இல்லை.

இன்னொரு வழியும் உண்டு, கதையின் சண்டையைப் பெயராக வைப்பது. 1988இல் வந்த அக்னி நட்சத்திரம் தெலுங்கில் 'கர்ஷணா', மோதல். பதினாறு வருஷம் கழித்துக் காக்க காக்க தெலுங்கில் மறுபடி எடுக்கப்பட்டபோது அதுவும் 'கர்ஷணா'. ஒன்று சித்திரை வெயில், இன்னொன்று கந்த சஷ்டி கவசம். தமிழில் ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தெலுங்கில் இரண்டும் ஒரே பெயர்.

கேத்தி மேட்டுக்காரன் | ஏப்ரல் 26

அக்னி நட்சத்திரம் மலையில் இருப்பவர்களுக்கு வேறு விதமாகக் கேட்கும். கீழே கத்திரி வெயில் என்றால் எங்களுக்குச் சீசன், மலர்க் கண்காட்சி, கல்லாறிலிருந்து மேலே வரை வண்டி வரிசை. நாங்கள் வெயிலில் வேகவில்லை என்றாலும் அந்தச் சொல்லைக் கேட்டால் கீழே இருக்கிற சொந்தக்காரர்களின் புழுக்கம் தெரியும். இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரே அப்பாவுக்காக முறைத்துக்கொண்டு திரிகிற படத்துக்கு அந்தப் புழுக்கம்தான் பெயர். மோதல் என்று வைத்தால் சண்டை மட்டும் தெரியும், சண்டைக்கு முந்தைய வெக்கை தெரியாது. ஒலிக்கூடம் சார், தெலுங்கில் இதற்கு வார்த்தையே இல்லையா?

ஒலிக்கூடம் | ஏப்ரல் 27

இருக்கிறது. அதுதான் எனக்கு ஆறாத விஷயம். ரோகிணி கார்த்தெ என்பார்கள், மே கடைசி வாக்கில் வரும் உச்ச வெயில் காலம். ரோகிணி கார்த்தெயில் ரோலு பிளக்கும் என்று பழமொழி, ரோலு என்றால் உரல். கல் உரலே வெடிக்கிற வெயில். ஆந்திராவில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தை. நாள் கொஞ்சம் முன்பின், நட்சத்திரம் வேறு, ஆனால் உடம்பு உணர்வது அதேதான். பெருநாள் பிறையில் நான் சொன்ன சிக்கல் இங்கே கிடையாது.

அந்தப் படத்தில் நான் வேலை செய்யவில்லை, அதனால் அந்தப் பெயரை யாராவது முன்வைத்தார்களா என்பது பற்றிப் பேச மாட்டேன். ஆனால் என் அனுபவத்தில், இப்படி ஒரு பெயரை எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தால் கேட்கும் முதல் கேள்வி "இதில் ஹீரோ எங்கே?" என்பதுதான்.

ஊட்டி சீசன் | ஏப்ரல் 27

வாரணம் ஆயிரத்துக்கு மட்டும் வேறு வழி இல்லை, ஒத்துக்கொள்ளுங்கள். அது ஆண்டாள். தெலுங்கு ஆட்களுக்கு ஆண்டாளைத் தெரியாது.

கோத்தகிரி டீச்சர் | ஏப்ரல் 28

ஆண்டாளைத் தெரியாதா? கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய ஆமுக்தமால்யதா ஆண்டாள் கதைதான். சூடிய மாலையைக் கொடுத்தவள் என்பதுதான் அந்தத் தலைப்பே. திருமலையில் மார்கழி முழுக்கச் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை ஓதுகிறார்கள், தமிழிலேயே. ஆண்டாள் அங்கே அந்நியர் இல்லை.

ஆனால் உங்கள் பேச்சிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கோதையைத் தெரியும், திருப்பாவையைத் தெரியும், நாச்சியார் திருமொழியில் "வாரணம் ஆயிரம் சூழ வலம்செய்து" என்று தொடங்கும் அந்தக் கல்யாணக் கனவைப் பரவலாகத் தெரியுமா என்றால் சந்தேகம்தான். நம் பக்கம் வைணவக் கல்யாணங்களில் அதைப் பாடுவார்கள். ஆயிரம் யானை சூழ நாரணன் வருகிறான், ஊரெல்லாம் தோரணம், கனாக் கண்டேன் தோழீ. தமிழ்ப் பார்வையாளனுக்குத் தலைப்பின் இரண்டு சொல்லிலேயே ஊர்வலமும் மேளமும் கேட்டுவிடும். கனவு என்பது சொல்லப்படாமலே வந்துவிடும். தெலுங்குத் தலைப்பு விண்ணப்பப் படிவத்தில் அப்பா பெயர் எழுதுகிற மாதிரி இருக்கிறது.

இருந்தாலும் ஒன்று. அப்பா மகன் கதை அது. சன் ஆஃப் என்ற இரண்டு சொல் கதையின் நடுவைத் தொட்டுவிடுகிறது. வாரணம் ஆயிரத்தில் அப்பா எங்கே இருக்கிறார் என்று கேட்டால் நான் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

கூடலூர் ஆள் | ஏப்ரல் 28

யானை என்றதும் உள்ளே வந்தேன். எங்கள் பக்கம் ஒன்று வந்தாலே பலாப்பழம் மிஞ்சாது, ஆயிரம் வேண்டாம்.

1982 சேர்த்ததும் படம் கிடைத்துவிட்டது, நன்றி. அம்மாவிடம் இந்த விவாதத்தைச் சொன்னேன். அவர் ஒரு விஷயம் கேட்டார். மலையாளத்தில் திருஷ்யம் 2013இல் வந்தது. தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட அதே பெயர். தமிழில் மட்டும் பாபநாசம். ஏன் தமிழ் மட்டும் தனியாகப் போனது?

ஒலிக்கூடம் | ஏப்ரல் 30

உங்கள் அம்மா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். திருஷ்யம் என்றால் காட்சி, கண்ணால் கண்டது. அந்தக் கதையின் பூட்டே அதுதான்: ஊரார் எல்லோரும் தாங்கள் கண்ணால் பார்த்ததை உண்மையாகச் சொல்கிறார்கள், ஆனால் நாயகன் அவர்களை எந்த நாளில் என்ன பார்க்க வைத்தான் என்பதில்தான் சூழ்ச்சி. சினிமா பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவன் வேறு. ஒரே சொல் இரண்டையும் சொல்கிறது.

தமிழில் 2015இல் பாபநாசம் ஆனபோது அந்தச் சாவி போய்விட்டது. ஆனால் வேறொன்று வந்தது. தாமிரபரணியில் முங்கினால் பாவம் போகும் என்று நம்புகிற ஊர். கொலையை மறைத்த குடும்பத்தின் கதைக்கு அந்த ஊரின் பெயர். பாவம் போனதா இல்லையா என்ற கேள்வி மலையாளத் தலைப்பில் இல்லை, தமிழ்த் தலைப்பு அதைப் படம் தொடங்கும் முன்பே கேட்டுவிடுகிறது. முகவரியும் நினைவும் ஒன்றாக வந்த பெயர், மேட்டுக்காரர் பிரித்த இரண்டு வகையும் ஒரே சொல்லில். பெயர் மாற்றினால் போவது மட்டும்தான் என்று இல்லை, இடம் தெரிந்து வைத்தால் வரவும் செய்யும். 2019இல் சீனாவில் எடுத்தபோது அவர்கள் வைத்த பெயருக்குத் 'தவறிச் செய்த கொலை' என்று பொருள். அதில் ஒளித்து வைக்க எதுவும் இல்லை.

கொடை வட்டக்கானல் | மே 1

வெளிநாட்டில் ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கே மாற்றுகிறார்களே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2007இல் வந்த நான்காவது டை ஹார்ட் படத்துக்கு அமெரிக்காவில் 'லிவ் ஃப்ரீ ஆர் டை ஹார்ட்' என்று பெயர். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் முழக்கத்தை வைத்து விளையாடியது. வெளியே யாருக்கும் அது பிடிபடாது என்று 'டை ஹார்ட் 4.0' என்று வெளியிட்டார்கள். டீச்சர் சொன்ன பாசுரக் கதைதான். ஆனால் மோனா என்ற கார்ட்டூன் ஐரோப்பாவில் பல நாடுகளில் வையானா ஆனது அர்த்தத்தால் இல்லை, அந்தப் பெயர் அங்கே ஏற்கெனவே வணிகச் சின்னமாகப் பதிவாகி இருந்ததால். கதாநாயகியின் பெயரையே படம் முழுக்க மாற்றிப் பேச வேண்டியதாயிற்று.

ஊட்டி சீசன் | மே 3

இப்போதுதான் எளிதான வழி வந்துவிட்டதே. எல்லா மொழியிலும் ஒரே பெயர். கங்குவா, லியோ என்று போட்டுவிட்டால் விளம்பரச் செலவும் மிச்சம், கூடலூர் அம்மாவும் தேட வேண்டாம்.

ஒலிக்கூடம் | மே 4

அது எளிதாக முடியவில்லை. 2024இல் வேட்டையன் தெலுங்கிலும் வேட்டையன் என்றே வெளியானபோது அங்கே பலர் கோபப்பட்டார்கள், எங்கள் மொழியில் ஒரு பெயர் வைக்கக்கூட உங்களுக்கு மனம் இல்லையா என்று. 'வேட்டா' என்று வைக்க நினைத்தோம், அந்தப் பெயர் கிடைக்கவில்லை என்று தயாரிப்பு நிறுவனம் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. சேம்பர் பதிவு பற்றி மேலே சொன்னேனே, அதுதான். அதே சமயம் துணிவு தெலுங்கில் தெகிம்பு ஆனது, அச்சு அசலாக அதே பொருள். முடியாது என்பதெல்லாம் இல்லை.

கேத்தி மேட்டுக்காரன் | மே 4

ஒரே பெயர் என்பதில் எனக்கு வேறு பயம். எல்லா மொழியிலும் ஒரே மாதிரி போகவேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால், தமிழிலேயே மூன்றாம் பிறை என்று யாரும் வைக்க மாட்டார்கள். மொழிபெயர்ப்பில் இழப்பது பரவாயில்லை, அங்கே போனாலும் இங்கே இருக்கும். பிறக்கும்போதே இல்லாமல் போனால் யாரிடம் கேட்பது? எங்கள் ரயில் பாதையிலேயே 1998இல் ரயில் கூரை மேல் ஆடி எடுத்த பாட்டு இருக்கிறது. இந்தியில் அந்தப் படம் 'தில் சே', தமிழில் 'உயிரே', தெலுங்கில் 'பிரேமதோ'. மூன்றும் ஒன்றில்லை. இதயத்திலிருந்து, உயிரே என்று கூப்பிடுவது, அன்புடன். ஆனால் மூன்று மொழியிலும் யாரோ உட்கார்ந்து அந்த மொழிக்காரன் காதலை எப்படிச் சொல்வான் என்று யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனை இருந்தால் எனக்கு வழக்கே இல்லை.

கோத்தகிரி டீச்சர் | மே 6

ஒலிக்கூடம் ஐயா மேலே அம்ருதா என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார், எனக்கு அது மனத்தை விட்டுப் போகவில்லை.

கன்னத்தில் முத்தமிட்டால். வாக்கியம் முடியவில்லை பாருங்கள். "இட்டால்" என்று தொங்குகிறது. பாரதியைப் படித்தவன் மிச்சத்தைத் தானே சொல்லிக்கொள்வான்: உள்ளந்தான் கள்வெறி கொள்ளுதடி. படிக்காதவனும், இட்டால் என்ன ஆகும் என்று கேட்பான். தத்துக் கொடுக்கப்பட்ட ஒரு சிறுமி பெற்ற தாயைத் தேடிப் போர்க்களத்துக்குப் போகிறாள். அந்த முத்தம் கிடைக்குமா, யாரிடமிருந்து கிடைக்கும் என்பதுதான் படம். அந்த "ஆல்" போய்விட்டால் படத்தின் கேள்வி போயிற்று. ஆங்கிலத்தில் 'எ பெக் ஆன் த சீக்' என்று வைத்தார்கள். கன்னமும் இருக்கிறது, முத்தமும் இருக்கிறது, ஆனால் முத்தம் நடந்து முடிந்துவிட்டது. அதுவும் பெக் என்பது பட்டும் படாமலும் கொடுப்பது, விருந்தாளிக்குக் கொடுக்கிற முத்தம். கள்வெறி கொள்ளுகிற முத்தம் அது இல்லை.

தெலுங்கில் அம்ருதா, சிறுமியின் பெயர். தமிழில் அவள் அமுதா. முதலில் இது சோம்பல் என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால், ஆங்கிலப் பெயரைவிட இதுவே மேல் என்று படுகிறது. பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டதற்கு, முழுதாக விலகி அந்தக் குழந்தையைக் கூப்பிட்டது நல்லது. ஒலிக்கூடம் ஐயாவும் மேட்டுக்காரரும் இதை ஏற்க மாட்டார்கள் என்று தெரியும்.

ஒலிக்கூடம் | மே 6

ஏற்கவில்லை டீச்சர். பாதி கிடைத்தவன் மீதியைத் தேடிப் போவான். இங்கிலாந்திலோ கனடாவிலோ அந்த ஆங்கிலப் பெயரைப் பார்த்த யாராவது ஒருவர், ஏன் கன்னம், ஏன் முத்தம் என்று கேட்டுப் பாரதி வரைக்கும் வர வாய்ப்பு இருக்கிறது. அம்ருதாவிலிருந்து பாரதிக்கு வழி கிடையாது.

கூடலூர் ஆள் | மே 7

அம்மா படம் பார்த்து முடித்துவிட்டார். மலையாளத்தில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். எதற்கு வைக்க வேண்டும், பிறை என்றால் எங்களுக்கும் பிறைதானே என்றார்.